எண்ணெய் பாட்டிலுக்கு எந்த வெளிச்சம்: சாஃப்ட்பாக்ஸா, ரிம்மா, பவுன்ஸா?

செக்குக் கடை அண்ணாச்சி ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலை என் மேசையில் வைத்து, “நிறம் அப்படியே வரணும் தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். அரை மணி நேரம் கழித்து முதல் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டிகாஷன் மாதிரில்ல இருக்கு?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். தப்பு என்னுடையது. சாஃப்ட்பாக்ஸை முன்னால் இடது பக்கம் வைத்து எடுத்திருந்தேன். அன்று அதே பாட்டிலை மூன்று விதமாக எடுத்துப் பார்த்தோம். “எதை முதலில் வாங்கலாம்?” என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பாட்டிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

சாஃப்ட்பாக்ஸ் என்பது ஒரு கூடாரம், அவ்வளவுதான். உள்ளே விளக்கு, முன்னால் வெள்ளைத் துணி. சின்ன விளக்கைப் பெரிய ஜன்னலாக மாற்றித் தருகிறது. ஆனால் மென்மை அந்தப் பெட்டிக்குள் இல்லை, தூரத்தில் இருக்கிறது. 60-க்கு 90 சென்டிமீட்டர் பெட்டியை பாட்டிலிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் நிழலின் ஓரம் கரைந்து போகும். அதையே இரண்டு மீட்டருக்குத் தள்ளினால், பாட்டிலின் பார்வையில் அது குட்டி ஜன்னல், நிழல் கூர்மையாகிவிடும். “சாஃப்ட்பாக்ஸ் வாங்கியும் சாஃப்டா வரலை” என்று புலம்புகிற பலர், அதை அறையின் மூலையில் நிறுத்திவிட்டுத்தான் புலம்புகிறார்கள்.

முதல் படத்தில் லேபிள் அருமையாக விழுந்திருந்தது. காகிதம் பளபளக்கவில்லை, சின்ன எழுத்துகூடத் தெளிவு. கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அது சாஃப்ட்பாக்ஸின் பிரதிபிம்பம். உருளையான கண்ணாடி என்பதால் அகலமான பெட்டியும் ஒடுங்கிக் கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டின் ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் கண்ணாடிகூட பிளாஸ்டிக் போலத் தோன்றும். விளக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டு, விளக்கை அதன் ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோனால் கோடு ஒரு பக்கம் பிரகாசமாகத் தொடங்கி மறுபக்கம் மங்கி மறையும். அந்த மங்கல்தான் பொருளுக்கு ‘விலை கூடிய’ தோற்றம் தருவது.

அப்படியானால் எண்ணெய் ஏன் கறுத்தது? கண்ணாடிக்குள் இருக்கும் எண்ணெயைப் பார்க்கும்போது, உண்மையில் அதன் வழியாகப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கிறோம். பின்னால் இருந்தது இருட்டான சாம்பல் துணி. முன்னாலிருந்து எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் அது மாறாது. சோப்புப் பெட்டிக்கும் மசாலாப் பொடி பாக்கெட்டுக்கும் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கெல்லாம் சாஃப்ட்பாக்ஸ் ஒன்றே போதும். அது தரும் மனநிலை கடை அலமாரியின் மனநிலை: பொருள் இதுதான், ஒளிவுமறைவு இல்லை.

அடுத்தது ரிம் லைட். பொருளுக்குப் பின்னாலிருந்து, கேமரா சட்டத்துக்குச் சற்று வெளியே, ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு வருகிற வெளிச்சம். இரண்டு பக்கமும் ஒல்லியான ஸ்ட்ரிப் பாக்ஸ் வைத்தேன், வெளிச்சம் சிதறாமலிருக்க கிரிட் என்கிற கட்டம் கட்டமான வலையை மாட்டினேன், பின்னணிக்குக் கறுப்புத் துணி. முன்விளக்கை அணைத்ததும் பாட்டில் இரண்டு வெள்ளிக் கம்பிகளாக மாறியது. தோள் வளைவு, கழுத்து, மூடியின் வரிகள் எல்லாம் இருட்டிலிருந்து செதுக்கி எடுத்த மாதிரி. அண்ணாச்சி சிரித்துவிட்டார். “இது எண்ணெய்க் கடையா, பாரா?”

ரிம் தருவது அந்த ராத்திரி மனநிலைதான். வாசனைத் திரவியத்துக்கு, கைக்கடிகாரத்துக்கு, ஹெட்போனுக்கு அது பொருந்தும். எண்ணெய்க்கு அது ஒரு வேஷம். லேபிளும் இருட்டில் போய்விடுகிறது. இன்னொரு சிக்கல், விளக்கு லென்ஸைப் பார்த்தபடி நிற்பதால் வெளிச்சம் நேராக உள்ளே புகுந்துவிடும். ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் முழுக்க மெல்லிய பனி படர்ந்தாற்போல் இருந்தால், கறுப்புப் பின்னணி சாம்பலாகத் தெரிந்தால், லென்ஸுக்குப் பக்கவாட்டில் கையை வைத்து மறைத்துப் பாருங்கள். கறுப்பு திரும்பி வந்துவிட்டால் காரணம் அதுதான். கை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு சார்ட்டை நிறுத்திவிட்டால் முடிந்தது.

மூன்றாவது பவுன்ஸ், மூன்றிலும் மலிவானது. என் ஓட்டு இதற்குத்தான். சொந்தமாக ஒளி கிடையாது. வேறொரு விளக்கின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பரப்பு. சினிமாவில் இதற்குப் பெரிய பரம்பரை உண்டு. 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காக ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு செட்டில், ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பி, முற்றத்துப் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். எனக்குத் தெர்மாகோல் போதும்.

ரிம் விளக்குகளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பவுன்ஸ் சேர்த்தேன். ஒன்று, வெள்ளை அட்டையை பாட்டிலின் உருவத்திலேயே, ஓரம் வெளியே தெரியாதபடி சற்றுச் சிறியதாக வெட்டி, பாட்டிலுக்கு நேர் பின்னால் சாய்த்து வைத்தேன். ரிம் வெளிச்சம் அட்டையில் பட்டு எண்ணெய் வழியாக முன்னால் வந்தது. டிகாஷன் போய்ப் பொன்பழுப்பு வந்தது. இரண்டாவது, முன்னால் ஒரு முழ தூரத்தில் ஒரு தெர்மாகோல். லேபிளில் எழுத்து தெரிய அது போதுமானதாக இருந்தது. இன்னும் வேண்டுமென்றால் கிட்டே தள்ள வேண்டும், அவ்வளவுதான். பாட்டில் இப்போது காலை நேரத்து அடுக்களை ஜன்னலில் இருப்பது போல இருந்தது.

பின்னால் வைக்கிற அட்டைக்குத் தங்கத் தாள் ஒட்டுகிறவர்கள் உண்டு. நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் வீட்டில் பாட்டிலைத் திறக்கிறவருக்கு அந்த நிறம் இருக்காது. நான் ஒட்டுவதில்லை.

பவுன்ஸ் எதன் மேல் பட்டு வருகிறதோ அதன் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய அறைச் சுவர் வெளிர்பச்சை. அங்கே எடுத்த வெள்ளைப் பீங்கான் கோப்பையின் நிழல் பக்கம் மட்டும் பாசி பிடித்தாற்போல் வந்தது. ஒயிட் பேலன்ஸை மாற்றினால் பச்சை போகும், ஆனால் வெளிச்சப் பக்கம் ரோஸ் ஆகிவிடும், ஏனென்றால் கெட்டது பாதிக் கோப்பை மட்டுமே. கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, சுவரை வெள்ளை வேட்டியால் மறைத்து மறுபடி எடுப்பது சுலபம்.

அண்ணாச்சிக்கு மூன்றாவது படம் பிடித்தது. பெரிதாக்கிப் பார்த்தவர் முகம் மட்டும் மாறியது. பின்வெளிச்சத்தில் எண்ணெயின் அடியில் லேசான கசடு மேகம் போலத் தெரிந்தது, மேலே நாலைந்து குமிழி. முதல் இரண்டு படத்திலும் அவை கண்ணுக்கே படவில்லை. வண்டியில் குலுங்கி வந்த பாட்டில் அது. “இது வேண்டாம், தெளிஞ்சது நாளைக்குக் கொண்டாறேன்” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அட்டையும் தெர்மாகோலும் இரவு முழுக்க அதே இடத்தில் நின்றன. தரையில் ஸ்டாண்டுகளின் காலைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன்.