மெல்லிய சுவர், அழும் குழந்தை: இடைவெளி முறையா, நாற்காலி முறையா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, தானாகத் தூங்கப் பழக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாரோ என்று பயம். பெரும்பாலும் இடைவெளி முறை, நாற்காலி முறை இரண்டில் ஒன்றைத்தான் யோசிப்பீர்கள்.

எப்படி: இடைவெளி முறையில் விழித்திருக்கும்போதே படுக்கவைத்து வெளியே வருவீர்கள். அழுதால் 3, 5, 10 நிமிடம் என இடைவெளியைக் கூட்டி, எட்டிப் பார்த்துத் தட்டிக்கொடுப்பீர்கள். நாற்காலி முறையில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சில இரவுகளுக்கு ஒருமுறை வாசலை நோக்கி நகர்வீர்கள்.

சத்தம்: முதலாவதில் முதல் சில இரவுகள் உரக்க இருக்கும், அப்புறம் சட்டெனக் குறையும். இரண்டாவதில் அழுகை பொதுவாக மென்மை, ஆனால் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

எங்கே கெடும்: அண்டை வீட்டாருக்குப் பயந்து, நாற்பது நிமிடம் அழவிட்டபின் தூக்கினால், அவ்வளவு நேரம் அழுதால் தூக்குவார்கள் என்றுதான் குழந்தை கற்கும். அடுத்த இரவு இன்னும் நீளும். நாற்காலியில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் உங்களைப் பார்த்ததும் விளையாட நினைக்கும் குழந்தைக்கு அது சரிவராது.

எதுவானாலும் தொட்டிலைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். தூங்க உதவச் சீரான இரைச்சல் எழுப்பும் வெண்ணிரைச்சல் கருவி இருந்தால், குழந்தையிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி, குறைந்த ஒலியில் இருக்கட்டும். அது அழுகையை மறைக்காது.

பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்ல முடிந்தால், வார இறுதியில் இடைவெளி முறையைத் தொடங்குங்கள். சொல்ல முடியாதவர்களுக்கும், பாதியில் மனம் இளகிவிடும் என்பவர்களுக்கும் நாற்காலியே நல்லது.