கர்ப்பத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் கடியா? "சூடு" எண்டு சொன்னால் நம்பி வீட்டை போகாதேங்கோ

வடமராட்சியில் ஒரு கர்ப்பிணித்தாய்க்கு நாலு வாரம் வீணாய்ப் போனது. 31ஆவது வாரத்தில் உள்ளங்காலில் கடி தொடங்கியது. பகலில் பொறுக்கலாம், இரவில் படுத்தால் நித்திரை இல்லை. சீமெந்து நிலத்தில் காலைத் தேய்த்தால்தான் கொஞ்சம் சுகம். பிறகு உள்ளங்கைக்கும் வந்தது. தோலில் பரு, தடிப்பு ஒன்றுமில்லை, சொறிந்த கீறல் மட்டும்தான்.

மருந்துக்கடையில் பிரிட்டோன் குளிசையும் கலமைனும் கொடுத்தார்கள். காசு கட்டிப் பார்த்த தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்: "உடம்புச் சூடு பிள்ளை, இளநீர் குடியுங்கோ. கண் மஞ்சளில்லைத்தானே, ஈரலுக்கு ஒண்டுமில்லை." அடுத்த வாரம் திரும்பப் போனபோது ஸ்கான் எடுத்து, பிள்ளை நல்லாயிருக்கு என்று அனுப்பினார்கள். இரத்தம் எடுக்கவேயில்லை.

கண் மஞ்சளாகாததை வைத்து ஈரலைத் தீர்மானித்ததுதான் முதல் பிழை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹோர்மோன்களின் தாக்கத்தால் சிலருக்கு ஈரலிலிருந்து பித்தம் சரியாக வடியாது. பித்த அமிலம் இரத்தத்தில் தேங்கும். இதுதான் கர்ப்பகாலப் பித்தத்தேக்க நோய். (நாங்கள் தலைச்சுற்றுக்குச் சொல்லும் "பித்தம்" இதில்லை.) கண்ணை மஞ்சளாக்குவது பிலிருபின் என்ற வேறொரு பொருள். இந்த நோயில் அது பெரும்பாலும் ஏறாது. ஆகவே கண் வெள்ளையாக இருப்பது எதையும் நிரூபிக்காது. ஸ்கானும் அப்படித்தான். பித்த அமிலம் மிகவும் கூடினால் பிள்ளை வயிற்றிலேயே திடீரென்று இறக்கும் ஆபத்து கூடுகிறது, அதை ஸ்கானோ இதயத்துடிப்புப் பதிவோ முன்கூட்டிக் காட்டாது. பிரிட்டோன் நித்திரை தரும், கலமைன் எரிவைக் குறைக்கும். பித்த அமிலத்தை இரண்டும் தொடாது.

34ஆவது வாரத்தில், வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி சொல்லித்தான் ஈரல் பரிசோதனை நடந்தது. அதில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 38. ரிப்போர்ட்டில் "40 வரை சாதாரணம்" என்று அச்சடித்திருந்ததால் அதையும் சரியென்று சொல்லிவிட்டார்கள். அந்த 40 கர்ப்பமில்லாதவர்களுக்கான எல்லை. கர்ப்பத்தில் அளவு கீழே இறங்கும், ஏறக்குறைய 30க்கு மேலே போனாலே சந்தேகப்பட வேண்டும். அதே ரிப்போர்ட்டில் வரும் ஏஎல்பி என்ற அளவு நேர்மாறு: நச்சுக்கொடியிலிருந்தும் வருவதால் கடைசி மாதங்களில் எல்லோருக்கும் கூடும், அதை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மருத்துவிச்சி விடவில்லை. கடி நிற்காவிட்டால் முதல் ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் கடி முதலில் வரும், இரத்தம் பிறகுதான் காட்டும். 35ஆவது வாரத்தில் எஸ்ஜிபிடி 146, பித்த அமிலம் 112.

பித்த அமிலம் லீற்றருக்கு மைக்ரோமோல் கணக்கில் வரும். 19க்குக் கீழே சாதாரணம். 19 முதல் 39 வரை இலேசானது, 40ஆவது வாரம் வரை பார்த்திருக்கலாம். 40 முதல் 99 வரை என்றால் 38, 39ஆவது வாரத்தில் பிரசவம் பார்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள். 100ஐத் தாண்டினால் 35, 36ஆவது வாரத்திலேயே பிள்ளையை எடுக்க யோசிப்பார்கள். இந்தத் தாய்க்கு 36 முடியமுன் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை சில நாள் விசேட பராமரிப்பில் இருந்து, சுகமாக வீட்டுக்கு வந்தது. 32ஆவது வாரத்திலேயே இரத்தம் எடுத்திருந்தால் அளவு ஏறுவதை வாராவாரம் பார்த்துத் திட்டமிட்டிருக்கலாம்.

கேட்கும்போது "ஈரல் பரிசோதனையும் பித்த அமிலமும்" என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கோ, முதலாவதில் பித்த அமிலம் அடங்காது. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. சாப்பிட்டபின் பித்த அமிலம் ஏறும், அந்த உச்சம்தான் தெரிய வேண்டியது. பக்கத்து ஆய்வுகூடத்தில் செய்வதில்லை என்றால் மாதிரியை வெளியே அனுப்புவார்களா, முடிவு எத்தனை நாளில் வரும் என்று முதலே கேளுங்கோ. முடிவு வரும்வரை கடி தொடங்கிய வாரத்தைக் கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவியுங்கோ.

பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடியோடு சத்தி, வயிற்றுக்குத்து, கடும் தலையிடி வந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. சீனித்தண்ணி குடித்து அசைவு வருகுதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரமில்லை அது.

அர்சோ என்று ஒரு குளிசை எழுதுவார்கள். கடி கொஞ்சம் குறையலாம், ஆனால் அது பிள்ளையைக் காக்கும் என்று பெரிய ஆய்வில் தெரியவில்லை. அதை எடுப்பதால் இரத்தப் பரிசோதனையை நிறுத்தாதேங்கோ.

பிரசவத்துக்குப் பிறகு கடி தானாக நிற்கும். நான்கு வாரம் கழித்து ஈரல் பரிசோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கோ, அப்பவும் கூடியிருந்தால் வேறு ஈரல் நோய் தேட வேண்டும். அடுத்த கர்ப்பத்திலும் இது வரக்கூடும், கருத்தடைக் குளிசையாலும் சிலருக்குக் கடி திரும்பும். ஆகவே குளிசை தொடங்கமுன் மருத்துவிச்சியிடம் இதைச் சொல்லுங்கோ.