தகவல் தாள்: சுருக்கி எழுதுவதா, கேள்வி-பதிலா, முதல் பக்கத்திலேயே சாரமா?

மருத்துவ ஆய்வில் சேரச் சொல்லி ஒருவரைக் கேட்கும் முன் அவர் கையில் கொடுக்கிற பங்கேற்பாளர் தகவல் தாளை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆய்வை எப்படி நடத்துவது என்று ஆய்வாளர்களுக்காக வகுத்த திட்ட ஆவணம்தான் ஆய்வு நெறிமுறை, அதை அதே வரிசையில் சுருக்குவது ஒன்று. கேள்வி-பதிலாக எழுதுவது இன்னொன்று. முடிவெடுக்கத் தேவையானதை முதல் பக்கத்தில் வைத்துவிட்டு விவரத்தைப் பின்னால் தள்ளுவது மூன்றாவது. மூன்றிலும் “பங்கேற்பது உங்கள் விருப்பம்” என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை எது உண்மையாக்குகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

ஒப்பிட ஒரு மூலம் வேண்டும் என்பதால் வழக்கமான நெறிமுறை நடையில் நானே ஒரு பத்தி எழுதி வைத்துக்கொண்டேன்: “ஏற்கனவே மருந்து உட்கொள்ளும் இலேசான உயர் இரத்த அழுத்தமுள்ள பங்கேற்பாளர்கள், 4 வார மருந்து நீக்கக் காலத்துக்குப் பின், இருமறைவு முறையில் 2:1 விகிதத்தில் ஆய்வு மருந்துக்கோ பிளாசிபோவுக்கோ சமவாய்ப்பில் ஒதுக்கப்பட்டு 12 வாரங்கள் பின்தொடரப்படுவர், 6 வருகைகளில் தலா 10 மி.லி. சிரை இரத்தம் சேகரிக்கப்படும். சிஸ்டாலிக் அழுத்தம் 180-ஐ எட்டினால் ஆய்வு மருந்து நிறுத்தப்பட்டு மாற்றுச் சிகிச்சை அளிக்கப்படும். பங்கேற்பாளர் எந்நேரமும் விலகலாம்.”

இதில் எங்குமே நேராகச் சொல்லப்படாத விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 4 வாரம் பழைய மாத்திரையை நிறுத்துகிறார்கள், அப்புறம் 12 வாரம் மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. கூட்டிப் பாருங்கள், 16 வாரம். சேரும் மூன்று பேரில் ஒருவர் ஏறக்குறைய நான்கு மாதம் பிரஷருக்கு மருந்தே இல்லாமல் இருப்பார். சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

சரி, சுருக்கும் முறை. வேலை சீக்கிரம் முடியும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவில் இருப்பவர்கள் மூலத்தோடு வரிக்கு வரி சரிபார்க்கவும் வசதி. ஆனால் கிடைப்பது இப்படி இருக்கும்: “4 வாரத் தயாரிப்புக் காலத்துக்குப் பின் நீங்கள் 12 வாரம் சிகிச்சை பெறுவீர்கள். 6 முறை வர வேண்டும், இரத்தம் கொடுக்க வேண்டும்.” மருந்தை நிறுத்துவது ‘தயாரிப்பு’ ஆகிவிட்டது. மருந்தற்ற மாத்திரை கிடைக்கக்கூடியவரிடமும் ‘சிகிச்சை’ என்று சொல்லியாகிவிட்டது. ஆய்வைத் தனக்கென்றே திட்டமிட்ட வைத்தியமாக ஒருவர் நம்பிவிடுவது இப்படிப்பட்ட ஒற்றைச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது. நான் ‘ஆய்வு மாத்திரை’ என்றே எழுதுவேன், ‘மருந்து’ என்றுகூட எழுத மாட்டேன், ஏனென்றால் மூன்றில் ஒருவருக்கு அது மருந்தல்ல.

இந்த ‘வேண்டும்’ தனிப் பிரச்சினை. நெறிமுறை ஆய்வாளருக்கு இடும் கட்டளை, அதைச் சுருக்கும்போது கட்டளை அப்படியே பங்கேற்பாளர் மேல் இறங்கிவிடுகிறது. வர வேண்டும், கொடுக்க வேண்டும், தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் படித்தவர், கடைசியில் ‘உங்கள் விருப்பம்’ என்று பார்த்தால் அதைச் சம்பிரதாயமாகத்தான் எடுத்துக்கொள்வார். “சேர்ந்தால், 6 முறை வரச் சொல்வோம்” என்று எழுதினால் போதும். அந்தச் ‘சேர்ந்தால்’ ஒவ்வொரு பத்தியிலும் திரும்ப வரட்டும், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி-பதில் இதைவிட நிச்சயமாக மேல். “நான் கட்டாயம் சேர வேண்டுமா?” என்று படிப்பவரின் குரலிலேயே கேள்வி வருவதால் “இல்லை” என்று நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். இரத்தத்தின் அளவையும் மனிதர் பேசுகிற மாதிரி சொல்ல முடிகிறது: ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி, மொத்தம் 60 மி.லி. ஆனால் நம் 16 வாரம் இங்கேயும் உடைந்துபோகிறது. “சேர்ந்தால் என்ன நடக்கும்?” என்பதன் கீழே மருந்தை நிறுத்தும் 4 வாரம், “எனக்கு எந்த மாத்திரை கிடைக்கும்?” என்பதன் கீழே மீதி 12 வாரம், இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம். இரண்டு பதிலும் சரி, ஆனால் கூட்டிப் பார்க்கிற வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

முதல் பக்கச் சாரம் அந்தக் கூட்டலை எழுதுபவரையே செய்ய வைக்கிறது. அமெரிக்காவில் 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய கூட்டாட்சி விதி, சேரலாமா வேண்டாமா என்பதற்கான முக்கியத் தகவல் சுருக்கமாக முதலில் வர வேண்டும் என்றே கேட்கிறது. நம் உதாரணத்துக்கு நான் எழுதியது:

“இந்த ஆய்வில் சேர்வதும் சேராததும் உங்கள் முடிவு. சேராவிட்டால் இப்போது சாப்பிடும் பிரஷர் மாத்திரையை அப்படியே தொடரலாம், இங்கே உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பும் மாறாது. சேர்ந்தால் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வோம். 4 வாரம் கழித்து ஆய்வு மாத்திரை தருவோம். மூன்று பேரில் இருவருக்கு அதில் புதிய மருந்து இருக்கும், ஒருவருக்கு மருந்தே இருக்காது. யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும், உங்களுக்கும் தெரியாது, ஆய்வு மருத்துவருக்கும் தெரியாது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் மொத்தம் 16 வாரம் மருந்தில்லாமல் இருப்பீர்கள். அப்போது பிரஷர் கூடலாம். மேல் அளவு 180-ஐ எட்டினால் ஆய்வு மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து தருவோம்.”

இந்த முறைக்கும் ஆபத்து உண்டு. பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் அங்கே எதை விட்டோமோ அது சொல்லப்படாததற்குச் சமம். ஆய்வின் பெருமையையும் நோக்கத்தையும் அரைப்பக்கம் எழுதி இடத்தை அடைத்துவிட்டால் சுருக்கும் முறையைவிட மோசம்.

ஆய்வுத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் இந்த மூன்றையும் படிக்கக் கொடுத்து, படித்ததை அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேட்டேன். சுருக்கிய தாளைப் படித்துவிட்டு “மூணு மாசம் புது மருந்து தருவாங்க” என்றார். மூன்றாவதைப் படித்ததும் மாத்திரையை நிறுத்துவதில்தான் முதலில் நின்றார், அப்புறம் கேட்டார்: “சேர்ந்துட்டு நடுவுல வேண்டாம்னா, டாக்டர்கிட்ட காரணம் சொல்லணுமா? எடுத்த ரத்தம் என்ன ஆகும்?”

நெறிமுறையில் இருந்த ‘எந்நேரமும் விலகலாம்’ இந்தக் கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை. விலக யாரிடம் சொல்வது, காரணம் கேட்பார்களா, அதுவரை சேர்ந்த தகவல் என்ன ஆகும் என்று மூன்றாவது தாளின் இரண்டாம் பக்கத்தில் சேர்த்தேன். மருந்து ஆய்வுகளில் விலகும் வரை சேர்ந்த தகவலைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள், அதை மறைத்து ‘எல்லாம் அழிக்கப்படும்’ என்ற தொனியில் எழுதுவது ஏமாற்று. “வேண்டாம் என்று தோன்றினால் இந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. புதிதாக எதையும் சேகரிக்க மாட்டோம். அதுவரை பதிவான அளவுகள் ஆய்வில் இருக்கும். சோதிக்காமல் மீதமிருக்கும் இரத்தத்தை அழிக்கச் சொல்லலாம். உங்கள் பழைய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று அன்றே சொல்லித் தருவோம்.” கடைசி வரி நெறிமுறையில் இல்லை. ஆய்வுக் குழுவிடம் கேட்டு, அவர்கள் செய்வோம் என்று ஒத்துக்கொண்டு, நெறிமுறையிலும் அதைச் சேர்த்த பிறகே தாளில் எழுதலாம். மருந்தை நிறுத்தியிருக்கும் ஒருவருக்கு அந்த ஏற்பாடு இல்லாமல் விலகுவது சாத்தியமே இல்லை.