பதிவிறக்கக் கணக்கா, மறுபோகக் கணக்கா? விவசாயச் செயலிக்கு முதலீடு கேட்கும் இரண்டு வழிகள்

நெல் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, திருகோணமலையில் சிறு முதலீட்டாளர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தால், அந்தப் பேச்சை இரண்டு விதமாக அமைக்கலாம். முதலாவது அகலமானது. நாடு முழுவதும் உள்ள விவசாயிகள், எல்லாப் பயிர்கள், இத்தனை ஆயிரம் பதிவிறக்கங்கள் என்று அது விரியும். இரண்டாவது ஒடுக்கமானது. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நெல் வயல்கள், அவற்றில் ஒரே ஒரு பிரச்சினை, சென்ற போகத்தில் எங்களிடம் கேட்டவர்களில் எத்தனை பேர் இந்தப் போகமும் கேட்டார்கள் என்ற ஒரு கணக்கு, அவ்வளவுதான். எங்கள் சிறு குழு இரண்டாவதைத்தான் தேர்ந்துகொண்டது. முதல் வழியிலும் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயனாளர் யார் என்பதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வயல் செய்பவர்தான் பயனாளர் என்பது எவருக்கும் விளங்கும். ஒரு விடயத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். படம் எடுத்து அனுப்புவது பெரும்பாலும் அவருடைய மகனோ மகளோதான். ஒரு கைபேசியிலிருந்து தகப்பனின் வயலுக்கும் கேள்வி வரும், பெரியப்பாவின் வயலுக்கும் வரும். ஆகவே அகலமான பேச்சில் கைபேசிகளை எண்ணுவதுபோல நாங்கள் எண்ணுவதில்லை. எங்கள் கணக்கில் ஓர் அலகு என்பது விதைத்த திகதியோடு பதிவான ஒரு வயல்.

தேவையைச் சொல்லும் இடத்தில்தான் இரண்டு பேச்சுகளும் முதன்முறையாகப் பிரிகின்றன. அகலமான பேச்சு, விவசாயிகளுக்குச் சரியான தகவல் கிடைப்பதில்லை என்று சொல்லும். திருகோணமலையில் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னால், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தால் போதுமே, கமநல சேவை நிலையம் இருக்கிறதே, விவசாயப் போதனாசிரியர் இருக்கிறாரே என்று உடனே கேட்பார். அவர் கேட்பது சரிதான். அந்தச் சேவைகள் இல்லை என்று காட்ட முயன்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே அவை எட்டாத ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். நாங்கள் அதற்கு எடுத்துக்கொண்டது அறக்கொட்டியான், அதாவது கபில நிறத் தத்தி.

இந்தப் பூச்சி இலையில் இருப்பதில்லை. பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்க்கும் விவசாயிக்குத் தெரிவது மஞ்சளாகும் பயிர் மட்டுமே. பசளை போதவில்லை என்று நினைத்து அவர் யூரியா போட்டால், தழைச்சத்துக் கூடிய பயிரில் பூச்சி இன்னும் வேகமாகப் பெருகும். கடையில் விசாரித்து ஏதோ ஒரு கிருமிநாசினியை இலைக்கு மேலே விசிறினால் மருந்து அடித்தண்டைச் சேராது, பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும். பிறகு வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து எரிந்ததுபோல் ஆகிவிடும். அந்த வட்டம் கண்ணுக்குத் தெரியும்போது அந்த இடத்துப் பயிர் போய்விட்டது, சுற்றியுள்ளதைத்தான் காப்பாற்றலாம்.

தொலைபேசியில் ஒருவர் “பயிர் மஞ்சளாகிறது” என்று சொன்னால், எவ்வளவு கெட்டிக்கார அலுவலராக இருந்தாலும் பத்துக் காரணங்கள் அவருக்கு ஞாபகம் வரும். எங்கள் செயலி செய்வது சின்ன வேலை. மஞ்சள் என்று எழுதியவரிடம் இலையின் படத்தை ஏற்காமல், பயிரை விலக்கி அடித்தண்டைப் படம் எடுக்கச் சொல்லும். அந்தப் படத்தை வேளாண்மை படித்த ஒருவர் பார்த்து, அன்றைக்கே பதில் எழுதுவார். யூரியாவை நிறுத்துங்கள், வாய்க்கால் முறை இடம்கொடுத்தால் வயல் நீரைச் சில நாட்களுக்கு வடியவிடுங்கள், மருந்து தேவையா இல்லையா, தேவையென்றால் தண்டில் படும்படி எப்படி விசிறுவது என்பவை அந்தப் பதிலில் இருக்கும். முதலீட்டாளருக்கு நெல் தெரியாவிட்டாலும் இது விளங்கும், ஏனென்றால் இழப்பு எங்கே நடக்கிறது, அதை எந்த நேரத்தில் தடுக்கலாம் என்பது அவர் கண்முன் வந்துவிடுகிறது.

இனி, என் பார்வையில் இரண்டு வழிகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் இடம்: செயலி உண்மையில் பிடித்துக்கொண்டதா என்பதற்கான ஆதாரம்.

பதிவிறக்க எண்ணிக்கை ஏறுவது மட்டுமே தெரிந்த எண். செயலியை அழித்தவரும் அதில் இருப்பார், கூட்டமொன்றில் யாரோ சொன்னதற்காக இறக்கி ஒருமுறையும் திறக்காதவரும் இருப்பார். மாதாந்தப் பாவனையாளர் எண்ணிக்கையைக் காட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். நெல்லுக்கு அது சரிவராது. எங்கள் பக்கம் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையோடு தொடங்கிப் பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகிறது. அறுவடை முடிந்த கையோடு கேள்விகள் நின்றுவிடும். மாதக் கணக்கில் வரைபடம் போட்டால் அந்த இடத்தில் கோடு தரையைத் தொடும், முதலீட்டாளர் செயலி செத்துவிட்டது என்று நினைப்பார். உண்மையில் செத்தது எதுவும் இல்லை, வயலில் பயிர் இல்லை. ஆகவே வரைபடத்தின் கீழ்க்கோட்டில் மாதங்களைப் போடாமல் பயிரின் வயதைப் போடுகிறோம்: விதைத்து இத்தனையாவது வாரம். அப்போது கேள்விகள் எந்தப் பருவத்தில் குவிகின்றன என்பதும் தெரியும், இரண்டு போகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் பார்க்கலாம்.

அதன் பிறகுதான் முக்கியமான கேள்வி. பெரும்போகத்தில் கேட்டவர் சிறுபோகத்தில் திரும்பி வந்தாரா? ஒருமுறை வருவதற்கு ஆர்வம் போதும். இரண்டாம் முறை வருபவர், முதல் பதில் தன் வயலில் வேலை செய்ததைப் பார்த்துவிட்டு வருகிறார். சிறு முதலீட்டாளர் தன் சொந்தக் காசைப் போடுகிறவர். வியாபாரத்தில் திரும்பி வரும் வாடிக்கையாளரின் மதிப்பு என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். சிறுபோகத்தில் எல்லோரும் விதைப்பதில்லை. கந்தளாய்க் குளத்து நீரும் அல்லைத் திட்டத்து நீரும் பாயும் இடங்களில் செய்கை நடக்கும், அதுவும் குளத்தில் உள்ள நீரைப் பொறுத்து, விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கும் அளவுக்குத்தான். மழையை நம்பிய மானாவாரி வயல்கள் அடுத்த மழை வரை சும்மா கிடக்கும். விதைக்காதவர் திரும்பி வராததைச் செயலியின் தோல்வியாக எண்ணுவது நியாயமில்லை.

விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போடுவோம், எண்கள் கற்பனையானவை. பெரும்போகத்தில் 300 வயல்கள் பதிவாகிக் கேள்வி கேட்டன. சிறுபோகத்தில் அவற்றில் 99 திரும்பி வந்தன. நேரடியாக வகுத்தால் 33 வீதம், மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதுபோல் தெரியும். ஆனால் அந்த 300 வயல்களில் 120 மானாவாரி வயல்கள் சிறுபோகத்தில் விதைக்கப்படவேயில்லை. விதைத்தவை 180. அவற்றில் 99 என்றால் 55 வீதம். இதே எண்களை அகலமான பேச்சுக்காரர் கையில் கொடுத்தால், சிறுபோகத்தில் புதிதாகச் சேர்ந்த வயல்களையும் இந்த 99உடன் கூட்டி “வளர்ச்சி” என்று காட்டிவிடுவார். புதியவர்களைத் தனி வரியில் எழுத வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால், பழையவர்கள் போய்க்கொண்டிருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, குழுவால்கூட.

எந்த வயல் விதைக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? செயலியில் விதைப்புத் திகதி பதிவாகாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். விவசாயிகள் அமைப்பின் செயலாளருக்குத் தன் வாய்க்காலில் யார் செய்கை பண்ணினார், யார் பண்ணவில்லை என்பது விரல்நுனியில் இருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் “இந்த 180 எங்கிருந்து வந்தது?” என்று முதலீட்டாளர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு கொப்பி இருக்கும். எடுத்துக்காட்டில் உள்ள 120 மானாவாரி வயல்களைப் பற்றி அடுத்த பெரும்போகத்துக்கு முன் ஒன்றும் சொல்ல முடியாது என்பதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

விளைச்சல் கூடியது என்று நாங்கள் சொல்வதேயில்லை. மழை, நீர், விதையினம், பசளை கிடைத்த நேரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றைச் செயலியின் கணக்கில் எழுதுவது பொய். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, அந்த ஆண்டிலேயே அது விலக்கப்பட்ட பின்னும் பல வயல்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு போகத்து விளைச்சலை வைத்து எவரும் பெருமை பேசமாட்டார்கள். பதில் கொடுத்து ஒரு வாரம் கழித்து, “மருந்து விசிறினீர்களா?” என்று ஒரே கேள்வி அனுப்புகிறோம். தேவையில்லை என்று நாங்கள் சொன்ன இடத்தில் அவர் விசிறாமல் விட்டிருந்தால், அந்த மருந்துச் செலவும் கூலியும் அவர் பையில்தான் இருக்கின்றன. அது அவருக்கே தெரிந்த தொகை.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் நாங்கள் ஒரு கதவை மூடியே வைத்திருக்கிறோம். மருந்துக் கடைகளிடம் கமிசன் வாங்கினால் வருமானம் சீக்கிரம் வரும், ஆனால் “விசிற வேண்டாம்” என்ற பதிலை எழுதுவது நாளடைவில் கடினமாகிவிடும். போகத்துக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின் விவசாயி செலுத்தும் சிறு கட்டணம் என்பதே எங்கள் திட்டம். அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் எங்கள் அனுபவம் இன்னும் இளசு, அதனால் இதை உறுதியாகப் பேசாமல் திட்டமாகவே முன்வைக்கிறோம்.

இவையெல்லாம் சேர்ந்து வாயால் சொல்லும்போது ஏறக்குறைய இப்படி வரும்:

“ஐயா, நாங்கள் இந்த மாவட்டத்து நெல் விவசாயிகளுக்காக வேலை செய்கிறோம். அறக்கொட்டியான் அடித்தண்டில் இருக்கும்போது மேலே பார்ப்பவருக்கு மஞ்சள் மட்டும்தான் தெரியும், யூரியா போட்டு நட்டத்தைக் கூட்டிக்கொள்வார். எங்களிடம் தண்டின் படத்தை அனுப்பினால் அன்றே பதில் கிடைக்கும். சென்ற பெரும்போகத்தில் கேட்டவர்களில், இந்தச் சிறுபோகம் விதைத்தவர்களை மட்டும் எடுத்தால், பாதிக்கு மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். பெயர்ப் பட்டியல் இந்தக் கொப்பியில் இருக்கிறது, நீங்கள் விரும்பும் ஐந்து பேரை நீங்களே அழைத்துப் பேசலாம். உங்கள் பணம் அடுத்த பெரும்போகம் முழுவதற்கும் பதில் எழுதும் இரண்டாவது ஆளுக்குச் சம்பளமாகப் போகும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களும் அகலமான பேச்சில் ஒருபோதும் இடம்பெற முடியாதவை. ஆயிரக்கணக்கான பதிவிறக்கங்களிலிருந்து ஐந்து பேரை அழைத்துப் பாருங்கள் என்று துணிந்து சொல்ல யாராலும் முடியாது.

அப்படியென்றால் முதல் வழி எப்போது சரி? கொழும்பில் பெரிய முதலீட்டு நிதியம் ஒன்றின் முன் நிற்பவர் சந்தையின் அளவைச் சொல்லியே ஆக வேண்டும், ஒரு மாவட்டத்து வயல்கள் அவர்களுக்குப் போதாது. நாங்கள் பேசியது தன் கையிலிருந்து காசு போடும் உள்ளூர்க்காரர்களிடம் மட்டுமே. மரக்கறி, வெங்காயம் போன்ற பயிர்களில் போகங்களின் ஒழுங்கு வேறு, அங்கே திரும்பி வருவதை எந்த இடைவெளியில் எண்ணுவது என்பதைப் பயிருக்குப் பயிர் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.