ஒரே நாளில் வாங்கிய இரண்டு சோஃபா: 9 ஆண்டுக் கணக்கு

கூடத்தில் எதிரெதிரே போட மூன்று பேர் உட்காரும் சோஃபா இரண்டு தேவைப்பட்டது. இரண்டையும் அசல் மரத்தில் எடுக்கக் கையில் பணம் இல்லை. ஒன்று அசல் மரம், மற்றது ‘எஞ்சினியர்டு வுட்’ என்று வாங்கினோம். மலிவானதன் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் அசல் மரச் சோஃபா 250. மேலே போட்ட துணியும் ஃபோமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிகம் கொடுத்த 150-ம் சட்டத்துக்குப் போனது.

மூன்றாம் ஆண்டில் மலிவான சோஃபா முன்பக்கம் ஒரு மூலையில் இறங்கியது. கவிழ்த்து, அடியில் இருந்த கறுப்புத் துணியைப் பிரித்தோம். கால் பொருத்திய தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களில் மூன்று கையோடு வந்துவிட்டன. அந்தத் துளையில் விரலை விட்டால் மரத்தூள் உதிர்கிறது. சட்டம் முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசையில் அழுத்திய பலகை. அசல் மரத்தில் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள நீள நாரிருக்கும். சில்லுப் பலகையில் அது இல்லை. யாராவது பொத்தென்று உட்காரும்போதெல்லாம் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துவிடுகிறது.

முதலில் வந்த தச்சர் துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, அதே இடத்தில் ஸ்க்ரூ போட்டார். செலவு 8. பத்தே மாதத்தில் மறுபடி இறங்கியது. இரண்டாவதாக வந்தவர் விவரமானவர். “இதுல ஸ்க்ரூ நிக்காதுங்க” என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் 18 மி.மீ. பிளைவுட் பட்டையை ஒட்டி, இரண்டையும் ஊடுருவி போல்ட் போட்டு நட்டால் முடுக்கினார். அதற்கு 20. அந்த மூலை பிறகு அசையவே இல்லை.

ஆறாம் ஆண்டில் வேறு வினை. தினமும் தரை துடைக்கும் தண்ணீர் பக்கப் பலகையின் அடிவிளிம்பில் ஏறி, பலகை ஊதிவிட்டது. காய்ந்தால் பழைய கனத்துக்கு வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. பலகையை மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் துணியைப் பிரித்துத் திரும்ப இழுத்து அடிக்கத்தான் கூலி. மொத்தம் 35. ஏழாம் ஆண்டில் ஃபோம் மாற்ற 40. எட்டாம் ஆண்டு முதுகுச் சட்டம் இணைப்பில் பிளந்தபோது, போதும் என்று கொடுத்துவிட்டோம். ஆக 203, ஆண்டுக்கு 25 சொச்சம்.

அசல் மரமும் சும்மா இருக்கவில்லை. சரியாகக் காயாத மரம் போலிருக்கிறது, இரண்டாம் ஆண்டே சுருங்கி இணைப்புகள் கிறீச்சிட்டன. துளைக்குள் செருகியிருந்த கழுந்தைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை வைத்து ஒரு நாள் இறுக்கிக் கட்டி வைத்தார்கள். செலவு 10. நான்காம் ஆண்டில் கைப்பிடிக்குக் கீழே மாவு மாதிரி தூள் விழுந்தது. ஒரு பக்கத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைச் சேர்த்திருந்தார்கள், அங்கேதான் உளுத்தது. பொட்டுத் துளைகளில் மருந்து செலுத்தியதோடு நின்றது. 5. ஏழாம் ஆண்டில் இதற்கும் ஃபோம், துணி, 45. மொத்தம் 310.

ஒன்பது ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 34. அதாவது இன்றைய தேதியில் மலிவானதுதான் ஜெயித்திருக்கிறது! வேறு செலவு வராவிட்டால் 13-ம் ஆண்டில்தான் அசல் மரம் அதைவிடக் கீழே இறங்கும். அதன் சட்டம் இன்னும் கெட்டியாக இருப்பதால் அதுவரை நிற்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆறேழு ஆண்டில் வீடு மாறி, சோஃபாவையும் மாற்றுபவருக்கு அந்தக் கூடுதல் 150 திரும்பி வராது.

சரி, அப்படியானால் மலிவானதையே வாங்கலாமா? நான் வாங்க மாட்டேன். ‘எஞ்சினியர்டு வுட்’ என்ற ஒரே பெயருக்குள் பார்ட்டிகிள் போர்டும் இருக்கிறது, பிளைவுட்டும் இருக்கிறது. எங்கள் சோஃபாவைக் காப்பாற்றியதே அந்தப் பிளைவுட் பட்டைதான். வெட்டிய விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பிளைவுட்டில் அடுக்கடுக்காகக் கோடு, பார்ட்டிகிள் போர்டில் சொரசொரப்பான சில்லு, மரநாரைப் பசையில் அழுத்திய எம்.டி.எஃப். என்றால் கெட்டி அட்டை மாதிரி வழவழப்பு. ‘அசல் மரம்’ என்று விற்பதிலும் கால் மட்டும் மரமாக இருப்பதுண்டு, அதனால் அங்கேயும் அடியைப் பார்த்தாக வேண்டும்.

போன ஆண்டு காலியான இடத்துக்குப் பிளைவுட் சட்டத்தில் ஒன்று எடுத்தோம், விலை 150. அடித்துணியைப் பிரித்துக் காட்டக் கடைக்காரருக்கு மனமில்லை. ஒரு காலைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளையில் போன் வெளிச்சத்தை அடித்து அடுக்குகளை எண்ணினேன். மூலைகளில் முக்கோணக் கட்டையும் வைத்திருந்தார்கள். ஓராண்டில் சத்தம் எதுவும் இல்லை, தரை துடைக்கும் தண்ணீர் ஏறாமலிருக்கக் காலடியில் ரப்பர் வில்லை வைத்துத் தூக்கியிருக்கிறோம்.