வெள்ளியா, ஆன்டிபயாடிக்கா, வெறும் வாஸ்லினா: தீக்காய ட்யூப்பில் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

மெடிக்கல் ஷாப்பில் போய் "தீக்காயத்துக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும். வெள்ளி கலந்த க்ரீம் வரலாம், ஆன்டிபயாடிக் களிம்பு வரலாம், கிருமியோடு சம்பந்தமே இல்லாத வெறும் ஈரக்காப்புக் களிம்பும் வரலாம். மூன்று ட்யூப்பும் ஒரே அளவுதான், அட்டையில் உள்ள படமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் புண்ணில் அவை செய்யும் வேலை வேறு வேறு. கையளவு தீக்காயத்தில் தப்பான ட்யூப்பைத் தடவினால், ஒரு வாரத்தில் ஆற வேண்டியது இன்னும் சில நாள் இழுக்கும், அல்லது புண்ணைச் சுற்றி அரிப்பு கிளம்பும்.

பிராண்டு பெயரை வைத்து வகையைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது ட்யூப்பின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் காம்போசிஷன் பகுதியை. மருந்தின் பெயர், அதன் பக்கத்தில் சதவீதம் என்று இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அதற்குக் கீழே "க்ரீம் பேஸ்" என்றோ "ஆயின்மென்ட் பேஸ்" என்றோ போட்டிருப்பார்கள். க்ரீம் என்றால் தண்ணீர் கலந்தது, கழுவினால் போய்விடும். ஆயின்மென்ட் என்றால் எண்ணெய்ப் பசை, புண்மேல் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

முதலில் வெள்ளி. காம்போசிஷனில் "சில்வர் சல்ஃபாடையாசின் 1 சதவீதம்" என்று இருந்தால் அது இந்த வகை. சில கம்பெனிகள் கூடவே குளோர்ஹெக்ஸிடின் குளுக்கோனேட் என்ற கிருமிநாசினியை 0.2 சதவீதம் சேர்க்கின்றன. இன்னும் சில ட்யூப்களில் சல்ஃபாடையாசின் இருக்காது, சில்வர் நைட்ரேட் மட்டும் இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் சில்வர் சல்ஃபாடையாசினைத் தொடக் கூடாது. பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் அது ஆகாது.

இந்த க்ரீம் 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தது. பெரிய, ஆழமான தீக்காயங்களில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் நுழைந்து உயிரையே எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த இடத்தில் இதன் பயன் பெரிது. பிரச்சினை என்னவென்றால், ஆஸ்பத்திரி பர்ன்ஸ் வார்டுக்கு வந்த மருந்து நம் சமையலறை அலமாரிக்கும் வந்துவிட்டது. வெள்ளி கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை, புண்ணை மூட வரும் புதுத்தோல் செல்களையும் பாதிக்கிறது. மேலோட்டமான தீக்காயங்களில் இதைத் தடவியவர்களையும் வேறு டிரஸ்ஸிங் போட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, சில்வர் சல்ஃபாடையாசின் போட்டவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகிறது என்றே சொன்னது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு மூன்று நாள் தடவியதும் க்ரீமும் புண்நீரும் கலந்து மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் அதைச் சீழ் என்று நினைத்துப் பயப்படுவார்கள். டாக்டருக்கும் அதைக் கழுவி எடுக்காமல் காயத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான், ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறீர்கள் என்றால் போகும் முன்னே எதையும் தடவாதீர்கள் என்கிறார்கள். முகத்தில் இதைப் போடுவதும் நல்லதல்ல, தோலில் சாம்பல் நிறம் தங்கிவிடலாம்.

மஞ்சள் நிற பர்னாலைப் பலரும் இந்த வகையோடு சேர்த்துவிடுகிறார்கள். அதில் வெள்ளி கிடையாது. அமினாக்ரின், செட்ரிமைட் என்ற இரண்டு கிருமிநாசினிகள்தான் உள்ளே இருக்கின்றன. அதன் மஞ்சள் சாயமும் காயத்தின் நிறத்தை மறைக்கும், அதைத் தவிர்க்க அது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

அடுத்தது ஆன்டிபயாடிக். இதில் பெயர்கள் கொஞ்சம் அதிகம். ஃப்ராமைசெட்டின் 1 சதவீதம், மியூபிரோசின் 2 சதவீதம், ஃப்யூசிடிக் ஆசிட் 2 சதவீதம், நியோமைசின், பாலிமிக்ஸின், பாசிட்ராசின் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஆன்டிபயாடிக் களிம்பு. இவற்றின் வேலை, ஏற்கெனவே கிருமி பிடித்த புண்ணை அடக்குவது. சுத்தமான புண்ணில் கிருமி வராமல் தடுக்க இதைத் தினம் தடவ வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 1996இல் அமெரிக்காவில், சின்ன அறுவைசிகிச்சை செய்துகொண்ட 900க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு பாசிட்ராசினும் மறுபாதிக்கு வெறும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமித் தொற்று வாஸ்லின் பக்கம் 2 சதவீதம், பாசிட்ராசின் பக்கம் 0.9 சதவீதம். புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பாசிட்ராசின் தடவியவர்களில் நான்கு பேருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது, வாஸ்லின் பக்கம் ஒருவருக்கும் வரவில்லை. அவை கத்தி பட்ட சுத்தமான புண்கள், தீக்காயங்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் வீட்டில் படும் சின்னக் காயத்துக்கு அது ஒரு நல்ல வழிகாட்டி.

அந்த ஒவ்வாமையை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது. நான்கைந்து நாள் நன்றாக ஆறிக்கொண்டிருந்த புண்ணைச் சுற்றிச் சிவந்து, கடுமையாக அரித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வரும். களிம்பு பட்ட இடம் வரைக்கும்தான் சிவப்பு இருக்கும். கிருமி பிடித்திருந்தால் முன்னால் நிற்பது அரிப்பு அல்ல, வலியும் சூடும். இது தெரியாமல் "புண் கெட்டுப்போச்சு" என்று அதே களிம்பை இன்னும் கொஞ்சம் அப்புகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒரு விஷயம்: நியோமைசின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃப்ராமைசெட்டினும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. ஃப்ராமைசெட்டின் என்பதே நியோமைசின் பி தான். ஆக நியோமைசின் உள்ள நியோஸ்போரின் அரித்தது என்று ஃப்ராமைசெட்டின் உள்ள சோஃப்ராமைசினுக்கு மாறினால் நிலைமை மாறப்போவதில்லை.

மூன்றாவது, வெறும் களிம்பு. லேபிளில் "ஒயிட் பெட்ரோலியம் ஜெல்லி" அல்லது "ஒயிட் சாஃப்ட் பாரஃபின்" என்று இருக்கும், வேறு மருந்து இருக்காது. சிலவற்றில் டெக்ஸ்பாந்தெனால் 5 சதவீதம் இருக்கும். இது கிருமியைக் கொல்லாது. புண்ணின் ஈரம் போகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றுதான் தோல் வளர்வதற்குத் தேவை. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரமாக வைத்த புண்கள், காயவிட்டுப் பொருக்குத் தட்டிய புண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடின. புதுத்தோல் பொருக்குக்கு அடியில் வழிதேடி ஊர வேண்டியதில்லை என்பதே காரணம். "காத்தாட விடு, சீக்கிரம் காயும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, காய்வதற்குச் சரி, ஆறுவதற்கு அல்ல. வாங்கும்போது வாசனை, கலர், கோகோ வெண்ணெய் சேர்த்த அழகுப் பொருளை எடுக்காதீர்கள். டப்பாவில் விரல் விட்டு எடுப்பதைவிட புது ட்யூப்பே நல்லது.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று மேலே சொன்ன பெயர்களோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைத்தான் கவனித்துப் பிடிக்க வேண்டும். நியோமைசின் அல்லது ஃப்யூசிடிக் ஆசிட் என்ற வரிக்கு மேலேயோ கீழேயோ பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. "சோன்" என்று முடிகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலானவை சிக்கிவிடும், குளோபெட்டசால் மட்டும் தப்பும். எக்ஸிமாவுக்கு எழுதிய இந்த ட்யூப் வீட்டில் மிச்சம் கிடக்கும், பெயரும் ஆன்டிபயாடிக் களிம்பின் பெயர் போலவே இருக்கும். தீக்காயத்தில் தடவினால் முதல் இரண்டு நாள் சிவப்பும் எரிச்சலும் குறைந்து, மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். உள்ளே தோல் வளர்வது மெதுவாகும், கிருமி பிடித்தாலும் வெளியே தெரியாது.

சரி, ஒரு காயத்தை எடுத்துக்கொள்வோம். பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கும்போது வலது கெண்டைக்காலின் உட்பக்கம் சைலன்சரில் பட்டுவிடுகிறது. ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு மூன்று சேர்ந்த அளவில் நீள்வட்டமாகச் சிவந்து, அரைமணி நேரத்தில் கொப்புளம் கட்டுகிறது, தொட்டால் நன்றாக வலிக்கிறது. வலி இருப்பது நல்ல அறிகுறி, தோலின் நரம்புகள் கருகிப்போகவில்லை. உடனே ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

கொப்புளத்தை உடைக்காமல் விட வேண்டும். உடைந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, பாரஃபின் தடவிய ஒட்டாத காஸ் துணி வைத்து, மேலே துணிக்கட்டு போட்டு, தினம் ஒரு தடவை மாற்றினால் போதும். இந்தக் காயத்துக்கு என் தேர்வு மூன்றாவது ட்யூப்தான். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவினால், நாற்றமோ சீழோ காய்ச்சலோ வந்தால், அது ஆன்டிபயாடிக்குக்கான நேரம். எந்த மருந்து என்று டாக்டர் சொல்லட்டும். மாத்திரையே தேவைப்படலாம். காயம் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ, வெளுத்து மரத்துப்போய் வலியே இல்லாமல் இருந்தாலோ, மின்சாரம், அமிலம் பட்டதாக இருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ, எந்த ட்யூப்பையும் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளி க்ரீம் தேவையா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சைலன்சர் சூடு பட்டதே தெரியாமல் போகும். அவருக்கு வலியை வைத்து ஆழத்தைக் கணிக்க முடியாது, சின்னதாகத் தெரிந்தாலும் அதே நாளில் காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் பழைய வெள்ளி ட்யூப் இருந்தால் ஒரு தடவை பிதுக்கிப் பாருங்கள். வெள்ளையாக வர வேண்டிய க்ரீம் கருத்துப்போயிருந்தால் காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் அதைத் தூக்கிப் போடுங்கள்.