ராத்திரிப் பயணம்: பஸ்ஸா, ரயிலா?

வேலை ஒரு ஊரில், வீடு இன்னொரு ஊரில் என்றான பிறகு மாதம் இரண்டு முறையாவது தனியாக ராத்திரிப் பயணம். முதல் ஒரு வருடம் ஸ்லீப்பர் பஸ்ஸில் போனேன், இப்போது ரயில்தான். கட்டணமும் நேரமும் தடத்துக்குத் தடம் மாறும், அதை விடுங்கள். என்னை மாற வைத்தது கழிப்பறை.

10 மணி பஸ் என்றால் 6 மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். நள்ளிரவு தாண்டி ஒரே ஒரு நிறுத்தம், அதுவும் கால் மணி நேரம். ஒருமுறை மாதவிடாய் எதிர்பாராமல் முன்னதாகவே வந்துவிட்டது. இறங்கினால் பெண்கள் பக்கம் ஒரே கழிப்பறை, எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். என் முறை வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நாப்கின் மாற்றாமலே ஏறி, துண்டை மடித்துப் போட்டுப் படுத்தேன், விடியும் வரை. வழியில் நிறுத்தச் சொல்லலாமே என்பார்கள். இருட்டில் புதர் ஓரமாக இறங்குவது ஆண்களுக்குச் சரி. சில மாதங்கள் கழித்து நீர்க்கடுப்பு என்று போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடிக்கிறீங்களா, அடக்கி வைக்கிறீங்களா?"

ரயிலில் பெட்டியின் இரு கோடியிலும் கழிப்பறை உண்டு. சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழுகிறதா என்று முதலில் பார்ப்பேன். ஆனால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நினைப்பே பாதி நிம்மதி. கோடியை ஒட்டிய படுக்கை மட்டும் வேண்டாம், ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் வாடையும். இரண்டு மூன்று வரிசை தள்ளி மேல் படுக்கை எடுப்பேன். இறங்கி ஏறுவது தொல்லைதான், இருந்தாலும் கால்மாட்டில் யாரும் வந்து உட்கார முடியாது. விளக்கணைக்கும் முன், எல்லோரும் விழித்திருக்கும்போதே ஒரு தடவை போய்வந்துவிட்டால் பெரும்பாலும் காலை வரை தாங்கும்.

பஸ்ஸுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் யார் யார் உடன் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ரயிலில் 2 மணிக்குக்கூடப் புது ஆள் ஏறி எதிரில் படுப்பார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கும் வசதியும் பஸ்ஸில்தான். ஆனால் 4 மணிக்கு ஆளில்லாத சாலைப் பாலத்தடியில் நிற்பதைவிட, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் நாலு பேரோடு விடியும் வரை இருப்பது எனக்குச் சௌகரியம். உள்ளேயே கழிப்பறை உள்ள பஸ்ஸில் ஒரே ஒரு முறை, அதுவும் குறைந்த தூரம்தான் போயிருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரயில் இல்லாத தடம் என்றால் இப்போதும் பஸ்தான். இரட்டைப் படுக்கை எடுக்காமல் ஒற்றைப் படுக்கை, முடிந்தால் டிரைவருக்கு அருகில். ஏறும்போதே கேட்டுவிடுவேன்: "அண்ணா, எங்கே நிறுத்துவீங்க, எத்தனை மணிக்கு?" அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக அலாரம்.